சுழல் 8, கே-டிராமா 16, அமெரிக்க சீரிஸ் 22... எபிசோடு எண்ணிக்கையை முடிவு பண்றது யார்?

செஞ்சி பக்கம் பனமலையில் இருக்கும் எங்க வீட்டில், தங்கச்சி போனில் ஒரு கொரியன் டிராமாவை 16 எபிசோடில் பார்த்து முடித்தாள். பக்கத்தில் இருந்த பாட்டி கேட்டாங்க: "என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" பாட்டி பார்க்கும் சீரியல் மூணு வருஷமா ஓடுது.

கதை பெருசா இருந்தா எபிசோடு அதிகம், சின்னதா இருந்தா குறைவு என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் பெரும்பாலும் கதை எழுதுவதற்கு முன்பே எண்ணிக்கை முடிவாகிவிடும். அதை முடிவு செய்வது காலண்டரும், காசு வரும் வழியும்தான்.

13 என்ற எண் எங்கிருந்து வந்தது?

ஒரு வருஷத்துக்கு 52 வாரம். அதை நாலா பிரிச்சா 13. வாரம் ஒரு எபிசோடு என்றால், மூணு மாசத்துக்கு 13 எபிசோடு போதும். தூர்தர்ஷன் இந்தக் கணக்கில்தான் தொடர்களுக்கு அனுமதி கொடுத்தது. நல்லா ஓடினால் இன்னொரு 13 கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 52 எபிசோடுகளாகத்தான் திட்டமிடப்பட்டது. மக்கள் வரவேற்பால் நீட்டிக்கப்பட்டு, 1988 ஜூலையில் 78 எபிசோடுகளோடு முடிந்தது. 52 என்பது நாலு 13. 78 என்பது ஆறு 13. ஜப்பானிலும் இதே மூணு மாசக் கணக்குதான். அங்கே ஒரு டிராமா சுமார் 10 முதல் 12 வாரத்தில் முடியும். கொரியாவில் வாரத்துக்கு ரெண்டு எபிசோடு. அதனால 16 எபிசோடு என்பது எட்டே வாரம்.

அமெரிக்காவில் மட்டும் ஏன் 22?

அங்கே பெரிய சேனல்களின் டிவி சீசன் செப்டம்பர் கடைசியில் தொடங்கி மே வரை போகும். அது ஏறக்குறைய 35 வாரம். விடுமுறைக்கும் மறுஒளிபரப்புக்கும் போக மீதி வாரங்களுக்கு 22 புது எபிசோடு தேவை.

இன்னொரு காரணம் மறுவிற்பனை. பழைய தொடர்களை உள்ளூர் சேனல்கள் வாங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போடும். அதுக்குக் கையில் சுமார் 100 எபிசோடு இருக்கணும் என்பது அந்தத் துறையின் பழைய கணக்கு. 100 எபிசோடு இருந்தால் 20 வாரம் திரும்பப் போடாமல் ஓட்டலாம். வருஷத்துக்கு 22 எடுத்தால், அஞ்சே வருஷத்தில் 110 வந்துவிடும். 12 மட்டும் எடுத்தால் ஒன்பது வருஷம் ஆகும்.

ஆனால் 22 எடுப்பது சுலபமில்லை. ஒரு மணி நேர எபிசோடுக்கு சுமார் 8 நாள் ஷூட்டிங் என்று வைத்தால், 176 வேலை நாள் ஆகும். வாரத்துக்கு 5 நாள் வீதம் 35 வாரம். ஒரே எழுத்தாளரால் இந்த வேகத்துக்கு எழுத முடியாது. அதனால்தான் அங்கே ஒரு குழுவே உட்கார்ந்து எழுதும். பிரிட்டனில் ஒருவரோ இருவரோ மட்டும் எழுதும் தொடர்கள் அதிகம். அதனால் பல தொடர்கள் ஆறு எபிசோடிலேயே முடியும்.

நம்ம ஊர் சீரியல் ஏன் முடியவே மாட்டேங்குது?

இங்கே சீசனே கிடையாது. தினமும் ஒரே நேரம், ஒரே கூட்டம், அதுக்கு ஏத்த விளம்பரம். ரேட்டிங் இருக்கும்வரை நிறுத்தக் காரணமே இல்லை. 1999 முதல் 2001 வரை ஓடிய 'சித்தி' 467 எபிசோடு. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500-ஐத் தாண்டியது.

ஓடிடியில் கணக்கு வேற. அங்கே முக்கிய வருமானம் சந்தா. ஒரே தொடரை வருஷம் முழுக்க நீட்டுவதைவிட, புதுசு புதுசா தொடர் வந்தால்தான் ஆள் தங்குவாங்க. 2022 ஜூனில் வந்த 'சுழல்' 8 எபிசோடு. ரெண்டாவது சீசனும் அதே 8தான். ஆனால் அது வந்தது 2025 பிப்ரவரியில்.

சின்ன சீசனால் யாருக்கு நஷ்டம்?

பார்க்கிறவங்களுக்கு இழுவை குறையும். எழுதுகிறவர்களுக்கு வேலை குறையும். 22 எபிசோடு என்றால் வருஷத்தில் பெரும்பகுதி சம்பளம். 8 என்றால் சில மாசம்தான், அடுத்த சீசன் எப்போ என்றும் தெரியாது. 2023-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர், இத்தனை வாரம் வேலை என்பதும் முக்கியக் கோரிக்கையாக இருந்தது.

அடுத்த முறை ஒரு சீரிஸ் "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா" என்று தோன்றினால், அது எந்தத் தளத்தில், யார் காசில் ஓடுது என்று பாருங்க. பாதி பதில் அங்கேயே இருக்கும்.