பொம்மையில் தேர்ச்சி, பிரசவ அறையில்?

பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடிப் பையால் காற்று செலுத்த வேண்டும். வட தான்சானியாவின் ஹைடோம் மருத்துவமனையில் 2010-இல் இதற்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. பயிற்சி முடிந்ததும் வருகைப் பதிவேட்டையும் தேர்வு மதிப்பெண்ணையும் கோப்பில் சேர்த்திருந்தால், அது வெற்றி என்றே எழுதப்பட்டிருக்கும்.

அங்கே கண்காணிப்பு அதோடு நிற்கவில்லை. சில மாதங்கள் கழித்துப் பொம்மையில் மறுதேர்வு வைத்தார்கள். திறன் கூடியிருந்தது. இரண்டாவது குறியீடு, உண்மையான பிரசவத்தில் காற்று செலுத்தும் வரை கடக்கும் நொடிகள். இதைச் செவிலியரே பதிவேட்டில் நினைவிலிருந்து எழுதினால் நம்புவது கடினம். குழந்தையைக் காப்பாற்றும் கை கடிகாரம் பார்க்காது. அதனால் அளக்கும் பொறுப்பு தனி உதவியாளர்களுக்குத் தரப்பட்டது. பிரசவம்தோறும் அருகில் நின்று குறித்தார்கள். பயிற்சிக்கு முந்தைய அளவும் கையில் இருந்ததால் ஒப்பிட முடிந்தது.

பிரசவ அறையில் செயல்முறை மேம்படவில்லை!

அடுத்து, பணியிடத்திலேயே சில நிமிடப் பயிற்சியை அடிக்கடி நடத்தினார்கள். முதல் 24 மணி நேர இறப்பு ஆயிரத்துக்கு 11-லிருந்து ஏறக்குறைய 7 ஆகக் குறைந்தது. ஒரே மருத்துவமனையின் முன்-பின் ஒப்பீடு என்பதால், முழுப் பலனையும் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது.