ஒரே ரிட்டர்னுக்கு இரண்டு வெட்டு

ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி மடித்து வைத்திருந்த தாளை நீட்டினார். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்குக் கட்டிங் டூல் விற்றுக்கொடுக்கும் கமிஷன் ஏஜென்ட்.

"அண்ணே, ஒன்பதாயிரத்துக்கு மேல வரும்னு நெனச்சேன். 6,800 போட்டிருக்காங்க. கேட்டா ரிட்டர்ன் கழிச்சாச்சுங்கிறாங்க. கொஞ்சம் பாருங்க."

பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. தாளை வாங்கிக்கொண்டேன்.

அவருடைய ஒப்பந்தம் எளிது. பில் போட்டதற்குக் கமிஷன் கிடையாது. வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்த பிறகே கமிஷன். விகிதம் 4 சதவீதம், ஜிஎஸ்டி சேராத விலைக்கு மட்டும். ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போய்ச்சேரும் பணம், அதன்மேல் கமிஷன் கேட்க முடியாது. இதுவரை தகராறு இல்லை.

அந்த மாதம் இரண்டு பில்லுக்குப் பணம் வந்திருந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பட்டறையின் பில் 1,00,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,18,000. அவர்கள் போன மாதம் பணம் கட்டி முடித்த பழைய பில்லில் 25,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பியிருந்தார்கள். அதற்கு வரியோடு 29,500 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் போனது. அதை இந்தப் பில்லில் கழித்துக்கொண்டு 88,500 அனுப்பினார்கள்.

வல்லம் வடகால் கம்பெனியின் பில் 2,00,000, வரியோடு 2,36,000. இன்ஸ்பெக்‌ஷனில் 40,000 ரூபாய்ச் சரக்கு ரிஜெக்ட் ஆனது. கிரெடிட் நோட் 47,200. வங்கிக்கு வந்தது 1,88,800.

தம்பியிடம் சொன்னேன்: "ரிட்டர்னைக் கழிக்க ரெண்டு வழி இருக்கு. எதுல போனாலும் ஒரே விடைதான் வரணும்."

முதல் வழி, வங்கிக்கு வந்த பணத்திலிருந்து போவது. இரண்டும் சேர்ந்து 2,77,300. வரியை நீக்க 1.18-ஆல் வகுத்தால் 2,35,000. அதில் 4 சதவீதம் 9,400 ரூபாய். இந்த வழியில் ரிட்டர்னைத் தனியாகக் கழிக்கத் தேவையில்லை. வாடிக்கையாளரே கழித்துக்கொண்டுதான் பணம் அனுப்பியிருக்கிறார்.

இரண்டாவது வழி, முடிந்த பில்களிலிருந்து போவது. 1,00,000-மும் 2,00,000-மும் சேர்ந்து 3,00,000. இங்கே ரிட்டர்ன் 65,000-ஐக் கழித்தே ஆக வேண்டும். மிச்சம் 2,35,000, கமிஷன் அதே 9,400.

அவர் கையில் இருந்த ஸ்டேட்மென்ட் இரண்டையும் கலந்துவிட்டது. வந்த பணத்திலிருந்து 2,35,000 எடுத்து, அதிலிருந்து மறுபடியும் 65,000-ஐக் கழித்து, 1,70,000-க்கு 6,800 போட்டிருந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பணம் வந்த பட்டியலை ஒருவர் எடுக்கிறார், கிரெடிட் நோட் பட்டியலை இன்னொருவர் எடுக்கிறார், மூன்றாமவர் எக்செல்லில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறார். ஆனால் 2,600 ரூபாய் போனது போனதுதானே.

கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னேன். ஸ்டேட்மென்டில் விட்டுப்போன தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் தொகையின் 4 சதவீதத்தோடு அது அப்படியே பொருந்தினால் இரட்டை வெட்டு என்று சந்தேகப்படலாம். 65,000-க்கு 4 சதவீதம் 2,600. இங்கே ஒரு ரூபாய் பிசகவில்லை.

வேறொரு பிசகும் வருவதுண்டு. பில்லை வரி நீக்கிய விலைக்கு எடுத்துவிட்டு, கிரெடிட் நோட்டை மட்டும் வரியோடு 76,700 என்று கழிப்பார்கள். அப்போது கமிஷன் 8,932-க்கு இறங்கும். சிறிய வித்தியாசம் என்பதால் யாரும் கேட்பதில்லை. மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

"பிள்ளைப்பாக்கம் பார்ட்டி இன்னும் பணமே கட்டலண்ணே. அவங்களும் கொஞ்சம் சரக்கு திருப்பிட்டாங்க. அதையும் கழிப்பாங்களா?" என்றார்.

கழிக்கக் கூடாது. பணம் வராத பில்லுக்குக் கமிஷன் கொடுக்கவே இல்லை. கொடுக்காததைத் திரும்பப் பிடிக்க முடியாது. பில் முடியும் மாதத்தில் மிச்சத் தொகைக்குக் கமிஷன் போட்டால் போதும். மாறாக, இருங்காட்டுக்கோட்டையின் பழைய பில்லுக்குப் போன மாதமே கமிஷன் வாங்கிவிட்டார். அதனால் அந்த 25,000-க்கான 1,000 ரூபாயை இப்போது பிடிப்பது நியாயம்தான். தம்பிக்கு அது கசந்தாலும் ஒப்புக்கொண்டார்.

டிடிஎஸ் கடைசியில் வருவது. ஆண்டுக் கமிஷன் 20,000 தாண்டினால் பிடிப்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் விகிதம் 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 9,400-க்கு 188 போக, அவர் கைக்கு வர வேண்டியது 9,212.

தாளின் பின்பக்கத்திலேயே இரண்டு வழிக் கணக்கையும் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஸ்டேட்மென்டிலும் ரிட்டர்ன் என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டிருந்தால், அக்கவுன்ட்ஸில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கிரெடிட் நோட் எண், அது எந்தப் பில்லுக்கு, எந்தப் பேமென்டில் கழிந்தது.