காசநோய் ஊசியும் காது கேளாமையும்: முதலில் மறையும் ஒலி எது?

புனே: புனே நகரின் ஔந்த் பகுதியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இத்தகைய மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக முக்கிய இடம் வகித்தது கனமைசின் ஊசி. நோயாளிக்கு இது 6 முதல் 9 மாதங்கள் வரை செலுத்தப்பட்டது. உயிரைக் காத்த அதே ஊசி, பலரின் செவித்திறனைப் பறித்தது.

கனமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஆகியவை அமினோகிளைக்கோசைடு வகை மருந்துகள். இவை உட்செவித் திரவத்தில் கலந்து, ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கின்றன. மனிதர்களுக்கு அந்தச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் இதே வகையில் செவியைப் பாதிக்கக்கூடியது.

பாதிப்பு முதலில் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளில் தொடங்குகிறது. மனிதப் பேச்சின் பெரும்பகுதி 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் அமைவதால், 8,000 ஹெர்ட்ஸில் இழப்பு ஏற்பட்ட பின்னரும் நோயாளி வழக்கம்போல் உரையாடுவார். "காது நன்றாகக் கேட்கிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்பார். எனவே அந்தக் கேள்வியால் பயனில்லை. ஆடியோமெட்ரி கருவியே உண்மையைச் சொல்லும்.

முதல் ஊசிக்கு முன்போ, தொடங்கிய 72 மணி நேரத்துக்குள்ளோ அடிப்படைப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அது இல்லையெனில் பின்னர் ஒப்பிடுவதற்கு எதுவும் இராது. எடுத்துக்காட்டாக, ஒருவர் தொடக்கத்தில் 8,000 ஹெர்ட்ஸ் ஒலியை 20 டெசிபெலில் கேட்டார் எனக் கொள்வோம். ஒரு மாதம் கழித்து அதே ஒலி 40 டெசிபெலில்தான் கேட்கிறது. ஒரே அதிர்வெண்ணில் 20 டெசிபெல் சரிவு, அல்லது அடுத்தடுத்த இரு அதிர்வெண்களில் தலா 10 டெசிபெல் சரிவு, மறுபரிசோதனையிலும் உறுதியானால் அது மருந்தின் பாதிப்பாகக் கருதப்படும். சளி, காதடைப்பு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் மருந்தை மாற்றுவதா, ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதா என மருத்துவர் முடிவெடுப்பார். நோயாளி தாமாக நிறுத்தினால் காசநோய் முற்றும்.

ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் செவித்திறனைவிட உடலின் சமநிலையையே அதிகம் குலைக்கின்றன. இரு காதுகளும் ஒருசேரப் பாதிக்கப்படுவதால் தலைசுற்றல் இல்லாமலும் போகலாம். இருட்டில் நடக்கும்போது தள்ளாடுவதும், நடக்கையில் எதிரே உள்ள பெயர்ப்பலகை குதிப்பதுபோல் தோன்றுவதும் இதன் அறிகுறிகள்.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் மருந்து கூடுதல் நேரம் தங்கும் என்பதால், ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் பார்க்கப்படுகிறது. ஃபுரோசிமைடு போன்ற சிறுநீர்ப் பெருக்கி மருந்து உடன் சேர்ந்தால் ஆபத்து மிகும்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கனமைசினைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. பெடாகுயிலின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொண்ட சிகிச்சை முறைக்கு இந்தியாவும் மாறியுள்ளது. எனினும் மாத்திரைகள் பொருந்தாத சிலருக்கு அமிகாசின் இன்றும் தேவைப்படுகிறது. மருந்து உட்செவியில் நெடுநாள் தங்குவதால், கடைசி ஊசிக்குப் பிறகும் சில மாதங்கள் செவிப் பரிசோதனை தொடரப்படுகிறது.