கடலில் எத்தனை மாதம்?

வேலைக்கு விண்ணப்பிக்கும் கப்பல் அதிகாரி தன்குறிப்பின் முதல் வரியிலேயே “8 ஆண்டு கடல் அனுபவம்” என்று எழுதிவிடுகிறார். அவர் 8 ஆண்டும் கடலில் இருந்திருக்க மாட்டார். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் கழித்த மாதங்களும், தேர்வுக்குப் படித்த மாதங்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும். ஆள் எடுப்பவர் நம்புவது சி.டி.சி. புத்தகத்தை. ஒவ்வொரு கப்பலிலும் ஏறிய தேதி, இறங்கிய தேதி, பதவி எல்லாம் அதில் இருக்கும்.

எண்ணெய்க் கப்பலில் சீஃப் ஆபீசர் வேலை கேட்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கேடட்டாக 18 மாதம், தேர்ட் ஆபீசராக 22, செகண்ட் ஆபீசராக 26. ஆக 66 மாதம். அதாவது ஐந்தரை ஆண்டுதான். குறைவாகத் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். செகண்ட் ஆபீசராக இருந்த 26 மாதத்தில் 19 மாதம் எண்ணெய்க் கப்பலில் என்றால், முதல் வரியில் வர வேண்டியது அந்த 19தான். சரக்கை ஏற்றிவிடும் பெரிய எண்ணெய் நிறுவனங்கள், கப்பலின் அதிகாரிகள் அந்தப் பதவியில் எவ்வளவு காலம், அந்த வகைக் கப்பலில் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்கின்றன. மீதி 7 மாதம் நிலக்கரிக் கப்பலில் என்றால் அதையும் மறைக்காமல் தனியே காட்டலாம்.

சான்றிதழ் வேறு, பார்த்த வேலை வேறு. ஃபர்ஸ்ட் மேட் தேர்வில் தேறியவர், அந்தப் பொறுப்பில் இன்னும் கப்பல் ஏறவில்லை என்றால் அப்படியே எழுத வேண்டும். தகுதிச் சான்றிதழை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், அது காலாவதியாகும் தேதியும் தேவை. எண்ணெய்க் கப்பலுக்கான மேல்நிலைத் தகுதி தனிச் சான்று. அதற்குத் தனி வரி.

பாதுகாப்பு பற்றி எழுதும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். “பாதுகாப்பில் மிகுந்த அக்கறை உள்ளவன்” என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. என் கணிப்பில் அது வீணான வரி. வெளிநாட்டுத் துறைமுகங்களில் அதிகாரிகள் கப்பலேறிச் சோதித்துக் குறைகளைப் பதிவு செய்வார்கள், குறை பெரிதென்றால் கப்பலையே நிறுத்திவைப்பார்கள். பயணத் திட்டமும் கடல் வரைபடங்களும் பொதுவாக செகண்ட் ஆபீசரின் பொறுப்பு. “என் பொறுப்புக் காலத்தில் 3 சோதனைகள், பயணத் திட்டத்திலும் வரைபடங்களிலும் குறை பதிவாகவில்லை” என்று எழுதினால் அதைச் சரிபார்க்கலாம். மற்றவர் துறையில் வந்த குறைக்கு இவர் பதில் சொல்ல வேண்டியதில்லை; கப்பல் முழுவதற்குமான பெருமையையும் இவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விபத்து நடந்திருந்தால்? எப்போது, என்ன நடந்தது, விசாரணையில் என்ன முடிவானது, அதற்குப் பின் வேலைமுறையில் எதை மாற்றினார் என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். அப்போது வெளிவந்தால், விபத்தைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும்.

அனுப்புவதற்கு முன் சி.டி.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேதியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.