ஒருமுறைச் சாவி

சோவியத் உளவுச் செய்திகள் குறியேட்டின் வழியே எண்களாகும். ஒவ்வொரு இலக்கத்தோடும் ரகசியத் தாளிலுள்ள ஓர் இலக்கத்தைக் கூட்டி, மீதி எடுக்காமல் எழுதுவார்கள்: 7-உடன் 5 சேர்ந்தால் 2. அந்த 2-ஐப் பிடித்தவருக்கு மூல இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சமவாய்ப்பு. எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது.

ஆனால் சாவி செய்தியளவு நீளமானது, ஒரே முறைக்கானது, முன்கூட்டியே பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டியது. அதனால்தான் இன்றைய செயலிகள் திரும்பப் பயன்படும் குட்டிச் சாவிகளை நாடுகின்றன.

1942-இல் போர் நெருக்கடியில் ஆயிரக்கணக்கான தாள்கள் இரண்டு முறை அச்சாகின. ஒரே தாளில் பூட்டிய இரு செய்திகளைக் கழித்தால் சாவி மறைந்து, அவற்றின் வித்தியாசம் மிஞ்சும். அந்த விரிசல் வழியாகத்தான் 1946-இல் அமெரிக்காவின் மெரிடித் கார்ட்னர் அணுகுண்டு விஞ்ஞானிகளின் பெயர்களைப் படித்தார்.