மாறிய படம் எது?

ஒரு கல்யாண ஆர்டரில் 2,000 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 25 எம்.பி. என்றால் மொத்தம் 50 ஜி.பி. ஆல்பத்துக்காக அதில் 60 படங்களுக்கு மட்டும் நிறம் திருத்தியிருக்கிறார்கள். அன்றிரவு பேக்கப் எடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் மறுபடி ஒட்டுகிறார். நகர வேண்டியிருந்தது ஒன்றரை ஜி.பி.தான்.

இந்த வீண் வேலையைத் தவிர்க்கத்தான் விண்டோஸில் ரோபோகாப்பியும், லினக்ஸிலும் மேக்கிலும் ஆர்சிங்கும் இருக்கின்றன. ரோபோகாப்பி, விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது. ஆர்சிங்க் 1996இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் எழுதியது. இரண்டும் இலவசம்.

ஒரு படம் மாறியிருக்கிறது என்பதை இவை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? படத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஃபைலின் அளவையும், கடைசியாகத் திருத்திய நேரத்தையும் இரு பக்கமும் ஒப்பிடுகின்றன. இரண்டும் ஒத்துப்போனால் 'அதே படம்' என்று தாண்டிப் போய்விடுகின்றன. வேகத்துக்குக் காரணம் இதுதான். சிக்கல்கள் முளைப்பதும் இங்கேதான்.

விண்டோஸுக்கான ஸ்கிரிப்ட் இது. நோட்பேடில் எழுதி `.bat` என்று முடியும் பெயரில் சேமித்தால் போதும்:

```
robocopy "D:\Kalyanam" "E:\Kalyanam" *.jpg *.cr2 /E /XO /FFT /R:2 /W:5
if errorlevel 8 exit /b 1
exit /b 0
```

`/E` உள் ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள்ளும். `/XO` இல்லாவிட்டால், ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் புதிய படத்தின் மேல் கணினியில் இருக்கும் பழைய படம் ஏறிவிடும். நேரம் வேறாக இருப்பதே ரோபோகாப்பிக்குப் போதுமான காரணம். `/R`, `/W` இரண்டையும் விட்டுவிடாதீர்கள். திறக்க முடியாத ஒரு ஃபைல் வந்தால், 30 விநாடிக்கு ஒருமுறை வீதம் பத்து லட்சம் தடவை முயல்வதுதான் அதன் இயல்பு. விடிந்து பார்த்தால் அதே படத்தில் நின்றுகொண்டிருக்கும்.

`/FFT` எதற்கு? பல பென் டிரைவ்களில் இருக்கும் FAT32 அமைப்பு, ஃபைலின் நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒன்றாகத்தான் குறிக்கும். கணினியில் 10:15:07 என்று இருப்பது அங்கே 10:15:08 ஆகிவிடலாம். ஒரு துளிகூட மாறாத படம் 'மாறியது' போலத் தெரியும். அந்த இரண்டு விநாடியைப் பொருட்படுத்தாதே என்பதே `/FFT`.

ஆர்சிங்கில் இதே வேலைக்கு:

```
rsync -rtv --modify-window=1 kalyanam/ /media/disk/kalyanam/
```

இதில் `t` முக்கியம். அது இல்லாவிட்டால் நகலுக்குப் பழைய நேரம் போகாது, நகலெடுத்த நேரமே பதியும். அடுத்த முறை எல்லாப் படமும் மாறியதாகத் தோன்றி, 50 ஜி.பி.யும் மறுபடி ஓடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஸ்கிரிப்டை உடனே இரண்டாம் முறை ஓடவிடுவது. எந்தப் படமும் நகலாகக் கூடாது. நகலானால் நேரத்தில்தான் கோளாறு.

இதற்கு நேரெதிரான சிக்கல் இன்னும் மோசமானது. கேமராவில் வருடம் 2023 என்று தவறாக இருந்து, படங்களுக்குள் பதிந்த தேதியை 2024 என்று திருத்துகிறீர்கள். இலக்கத்துக்கு இலக்கம் மாறுவதால் ஃபைல் அளவு அப்படியே இருக்கக்கூடும். திருத்தும் மென்பொருளில் 'ஃபைல் நேரத்தை மாற்றாதே' என்ற வசதியும் போட்டிருந்தால், ஸ்கிரிப்ட் அந்தப் படங்களைத் தொடவே தொடாது. பிழை என்றும் சொல்லாது. ஆர்சிங்கில் `-c` சேர்த்தால் உள்ளடக்கத்தையே ஒப்பிடும். ஆனால் இரு பக்கமும் எல்லாப் படங்களையும் முழுக்க வாசிக்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். தினமும் போட வேண்டியதில்லை. ரோபோகாப்பிக்கு உள்ளடக்கத்தை ஒப்பிடத் தெரியாது. தேதி திருத்திய ஃபோல்டருக்கு மட்டும் `/IS` சேர்த்து ஒருமுறை ஓடவிட்டால், 'அதே படம்' என்று தோன்றுவதையும் நகலெடுத்துவிடும்.

மூலத்தில் அழித்ததை நகலிலும் அழிக்க `/MIR`, `--delete` என்ற வசதிகள் உண்டு. படங்களுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூல ஃபோல்டர் ஏதோ காரணத்தால் காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடினால், பேக்கப்பும் காலியாகிவிடும். தேவைதான் என்றால், முதலில் ரோபோகாப்பியில் `/L`, ஆர்சிங்கில் `-n` சேர்த்து ஓட்டிப் பாருங்கள். என்ன செய்யப்போகிறது என்ற பட்டியல் மட்டும் வரும், எதையும் தொடாது.

ஸ்கிரிப்டின் கடைசி இரண்டு வரிகள் ஏன் என்று சிலர் கேட்கலாம். மற்ற நிரல்களில் 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. ரோபோகாப்பியிலோ 1 என்றால் படங்கள் ஒழுங்காக நகலாகிவிட்டன என்று பொருள். 8இலிருந்துதான் ஏதோ ஒரு ஃபைல் விட்டுப்போனது என்று கணக்கு.