எலும்பு முறிவைக் காட்டிக்கொடுக்கும் கறுப்பு நிழல்

விழுந்து அடிபட்ட குழந்தையின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்ததும் கண் விரிசலைத் தேடி ஓடும். விரிசல் தெரியாவிட்டால் ‘எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று படத்தை உறையில் போட்டுவிடத் தோன்றும். தெரிந்துவிட்டாலும் சிக்கல் உண்டு. ஒன்று அகப்பட்ட திருப்தியில் தேடல் நின்றுவிடும். பக்கத்திலுள்ள இரண்டாவது காயம் தப்பிவிடும். அதனால்தான் கை, கால் படங்களை ஒரே வரிசையில் படிக்கக் கற்றுத்தருகிறார்கள். முதலில் எலும்புகளின் நேர்வரிசை, அடுத்து எலும்பின் புறணி, பிறகு மூட்டு இடைவெளி, கடைசியாகச் சுற்றியுள்ள தசையும் கொழுப்பும்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கையை ஊன்றி விழுந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முழங்கை வீங்கியிருக்கிறது, தொட்டால் அழுகிறாள். முன்பக்கமிருந்து ஒரு படம், முழங்கையை 90 பாகை மடக்கிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு கோணத்தில் மறைவது மறு கோணத்தில் தெரியும் என்பதால் இரண்டும் வேண்டும்.

நேர்வரிசையைப் பார்க்க இரண்டு கோடுகள் போதும். பக்கவாட்டுப் படத்தில் மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டிக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுக்க வேண்டும். எலும்பின் அடிமுனையில் கேப்பிட்டெல்லம் என்ற உருண்டையான பகுதி இருக்கிறது. கோடு அதன் நடு மூன்றிலொரு பங்கில் புகுந்து செல்ல வேண்டும். மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து பின்னால் சாய்ந்திருந்தால், கோடு உருண்டையின் முன்புறமாக விலகிப் போகும். இரண்டாவது கோட்டை ஆர எலும்பின் கழுத்து வழியாக மேல்நோக்கி இழுத்தால், எந்தக் கோணத்துப் படத்திலும் அது கேப்பிட்டெல்லத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஆர எலும்பின் தலை நழுவியிருக்கிறது. உடனே பக்கத்து அல்னா எலும்பில் முறிவு தேட வேண்டும். எக்ஸ்ரே வருவதற்கு வெகு முன்பே, 1814இல், மிலான் நகர அறுவை மருத்துவர் மான்டெஜியா விவரித்த இரட்டைக் காயம் அது. நம் சிறுமிக்கு இரண்டு கோடுகளும் சரியாகவே விழுகின்றன.

அடுத்தது புறணி. எலும்பின் ஓரத்தில் வெள்ளையாக, வழவழப்பாக ஓடும் விளிம்பு அது. மேலிருந்து கீழாக ஒரு பக்கம், கீழிருந்து மேலாக மறுபக்கம் என்று இடைவிடாமல் அதைத் தொடர வேண்டும். குழந்தையின் எலும்பு இரண்டாக ஒடியாமல் மடங்கிப் புடைப்பதும் உண்டு. அப்போது விரிசலே இருக்காது. விளிம்பில் ஒரு சிறு நெளிவு மட்டும் இருக்கும். முதல் சுற்றில் இங்கே எதுவும் அகப்படவில்லை.

மூட்டு இடைவெளி படத்தில் வெறுமையாகத் தெரிந்தாலும் அங்கே குருத்தெலும்பு இருக்கிறது; எக்ஸ்ரேயில் அது தெரிவதில்லை. குழந்தையின் முழங்கையில் ஆறு எலும்பு மையங்கள் சுமார் ஒரு வயதிலிருந்து பதினொரு வயது வரை ஒவ்வொன்றாகத் தோன்றும். அவற்றை உடைந்த துண்டுகள் என்று எண்ணிவிடக் கூடாது. உள்பக்கப் புடைப்பின் மையம் ஐந்து வயதையொட்டித் தோன்றுவது. அது தன் இடத்தில் இல்லாமல் மூட்டுக்குள் ஒரு துண்டு கிடந்தால், பிய்ந்து உள்ளே சிக்கியிருக்கலாம். இவளுக்கு அது இடத்தில்தான் இருக்கிறது.

கடைசியாகக் கொழுப்பு. தசையைவிடக் கொழுப்பு எக்ஸ்ரே கதிரைக் குறைவாகத் தடுப்பதால் படத்தில் கறுப்பாக விழும். முழங்கை மூட்டு உறையை ஒட்டி முன்னும் பின்னும் கொழுப்புத் திட்டுகள் உள்ளன. முன்திட்டு மெல்லிய கீற்றாகத் தெரிவது இயல்பு. பின்திட்டு மேற்கை எலும்பின் பின்குழிக்குள் புதைந்திருப்பதால் தெரியவே கூடாது. மூட்டுக்குள் இரத்தம் கசிந்து உறை உப்பினால் முன்திட்டு பாய்மரம்போல் விரிந்து நிற்கும். பின்திட்டு குழியிலிருந்து எழும்பி வெளியே தெரியும். 1954இல் நோரெல் என்பவர் இந்த அடையாளத்தை விவரித்தார்.

சிறுமியின் படத்தில் குழிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பிறை இருக்கிறது. அதைக் கண்டதும் புறணிக்குத் திரும்ப வேண்டும். இப்போது குழிக்குச் சற்று மேலே, விளிம்பில் ஒரு சிறு நெளிவு அகப்படுகிறது. அகப்படாமல் போயிருந்தாலும் முறிவு இருப்பதாகவே கொண்டு கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்பார்கள். முறிவு இருந்திருந்தால், ஆறும் எலும்பு விளிம்பையொட்டி ஒரு வெள்ளைக் கோடாகப் படியத் தொடங்கியிருக்கும். பெரியவர்களுக்கு இதே பிறை தெரிந்தால் முதலில் ஆர எலும்பின் தலையைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த அடையாளத்துக்கும் எல்லை உண்டு. கையை நீட்டியபடி படம் எடுத்தால் காயமில்லாமலே பின்திட்டு வெளியே தெரியலாம். மூட்டு உறை கிழிந்திருந்தால் இரத்தம் வெளியே வழிந்து, முறிவு இருந்தும் பிறை தோன்றாது. அடிபடாத மூட்டில் பிறை தெரிந்தால் சீழோ வாதமோ காரணமாக இருக்கலாம். இரத்தக்குழாயும் நரம்பும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. ஆகவே கட்டுப் போடும் முன்னும் பின்னும் மணிக்கட்டில் நாடி பார்க்க வேண்டும். நரம்பைச் சோதிக்க, கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.